மூன்று நாள் விடுப்பும் ஒரு பாராட்டும்

"அப்படியானால் உங்கள் வேலையை இரண்டு பேர் பகிர்ந்து செய்துவிடலாம் போலிருக்கிறதே!" நான் எழுதிக் கொடுத்த ஒப்படைப்புக் குறிப்பைப் படித்து முடித்த கையோடு மேலாளர் சொன்னது இது. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். விடுப்புக்கும் உடனே ஒப்புதல் தந்துவிட்டார். ஆனாலும் அந்த வாக்கியம் இன்னும் என்னை விட்டபாடில்லை.

கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்கு வீடு மாறுவது எப்போதுமே தகராறுதான். வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் மாதக் கடைசியில் முடியும். எங்கள் கணக்கு முடிப்பும் அதே நாட்களில்தான். எனவே கடிதத்தில் எது மாறாத தேதி, எது மாற்றக்கூடியது என்பதைப் பிரித்தே எழுதினேன்: "29 வியாழன், 30 வெள்ளி, 2 திங்கள் ஆகிய நாட்களில் விடுப்பு வேண்டுகிறேன். 30 அன்று வீடு மாறுகிறேன். பழைய வீட்டின் ஒப்பந்தம் 31 அன்று முடிவதால் முதல் இரண்டு நாட்களை மாற்ற இயலாது. திங்களன்று இணைய இணைப்புக்கு ஆள் வருகிறார். தேவைப்பட்டால் அதைத் தள்ளிப்போடலாம். 3 செவ்வாய் காலை பணிக்குத் திரும்புவேன்." சொந்தச் சிரமங்களை விவரிக்கவில்லை. லாரி, பெட்டி, குழந்தையின் பள்ளி என்று அடுக்கியிருந்தால் மேலாளர் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்றுவழி யோசித்துச் சொல்லியிருப்பார். அவர் சுபாவம் அப்படி.

குறிப்புதான் நீண்டுவிட்டது. நீளாமல் முடியாது. விற்பனையாளர்களுக்கான பணத்தை நான் பதிவு செய்வேன். பக்கத்து இருக்கைக்காரர் சரிபார்த்து அனுமதிப்பார். பதிபவரும் அனுமதிப்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்பது எங்கள் துறையின் பாலபாடம். என் வேலை முழுவதும் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஆனாலும் பதிவை அவரிடம் கொடுக்க முடியாது. கொடுத்தால் சரிபார்க்க ஆளிருக்காது. ஆகவே பதிவு, புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குப் போனது. பொருள் வந்து பில் வராத செலவுகளின் பட்டியல் மட்டும் பக்கத்து இருக்கைக்காரருக்கு.

கடவுச்சொல்லைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும் பழக்கம் சில இடங்களில் உண்டு. நான் செய்ய மாட்டேன். 28 முதல் 2 வரை மட்டும் செல்லுபடியாகும் தற்காலிக அனுமதியை அந்தப் பெண்ணின் பெயரிலேயே கேட்டு வாங்கினேன். புதன்கிழமையே, நான் பக்கத்தில் இருக்கும்போது, உண்மையான ஒரு பில்லை அவரைப் பதியச் சொன்னேன். பதிவு ஏறவில்லை. அனுமதி வந்திருந்தது, ஆனால் தொகை வரம்பு மிகக் குறைவாக இருந்தது. அன்று மாலைக்குள் சரிசெய்தோம். வெள்ளிக்கிழமை தெரிந்திருந்தால் நான் ஏதாவதொரு மாடிப்படியில் அலமாரியைப் பிடித்துக்கொண்டு போனில் பேசியிருப்பேன்.

இன்னொரு வரியையும் அடிக்கோடிட்டிருந்தேன்: விற்பனையாளரின் வங்கிக் கணக்கு எண்ணை மாற்றச் சொல்லி மின்னஞ்சல் வந்தால், எவ்வளவு அவசரம் என்றாலும் மாற்ற வேண்டாம்; அந்த மின்னஞ்சலில் உள்ள தொலைபேசி எண்ணை அல்ல, நம் கோப்பில் உள்ள பழைய எண்ணை அழைத்துக் கேட்கவும். மோசடிக்காரர்களுக்கு மாதக் கடைசியும், பழகிய ஆள் இல்லாத மேசையும் மிகவும் பிடிக்கும்.

இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் மேலாளர் அப்படிச் சொன்னார். நான், "மூன்று நாளைக்குச் செய்யலாம் சார்" என்றேன். சமாளித்துவிட்டதாகத்தான் அப்போது தோன்றியது. பிறகு யோசிக்கையில் அந்தப் பதிலில் ஒரு பயம் இருந்ததோ என்று படுகிறது. அவர் பாராட்டியிருக்கலாம். ஆட்குறைப்புப் பேச்சு எதுவும் அப்போது இல்லை. ஒருவர் தன் வேலையை இவ்வளவு தெளிவாக எழுதிவிட்டால் அதை யாரும் செய்யலாம் என்று படிப்பவருக்குத் தோன்றுவதும் நியாயம்தான். ஆனால் எழுதாமல் விட்டிருந்தால் விடுப்பு கிடைத்திருக்குமா? கிடைத்தாலும் நிம்மதியாகப் பெட்டி கட்டியிருப்பேனா?

அந்த மூன்று நாளும் ஒரு அழைப்புகூட வரவில்லை. செவ்வாய்க்கிழமை வந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருந்தது. மகிழ்ந்திருக்க வேண்டும்.

சில மாதங்கள் கழித்து, ஒரு மாத நடுவில் ஒருநாள் விடுப்பு எடுத்தேன். குறிப்பு அரைப் பக்கம்கூட வரவில்லை. ஒரு நாளுக்கு அது போதும், பெரிய வேலையும் இல்லை என்பதுதான் காரணம். எப்போதும் விலைத் தகராறு செய்யும் ஒரு விற்பனையாளரிடம் யாரைக் கூப்பிட்டால் காரியம் நடக்கும் என்பதை மட்டும் அதில் எழுதவில்லை. மதியம் அந்தப் பெண் போன் செய்து கேட்டார். பெயரைச் சொன்னேன். அவர் கேட்டது எனக்குச் சற்றுச் சந்தோஷமாகவே இருந்தது.