'அல்லது' என்ற ஒரு சொல்லைத் திருத்திய கதை

எங்கள் சங்கத்துக்கு நான் செயலாளரான புதிதில், கூட்டக் குறிப்பு என்றால் எழுதி, வாசித்து, கையெழுத்து வாங்கினால் முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டாவது கூட்டத்திலேயே அப்படியில்லை என்று தெரிந்துவிட்டது.

முந்தைய கூட்டத்தின் குறிப்பை வாசித்ததும் தலைவர், "திருத்தம் ஏதாவது உண்டா?" என்று கேட்டார். ஓர் உறுப்பினர், "அன்றைக்கு நான் வரவே இல்லை, வந்தவர்கள் பட்டியலில் என் பெயர் இருக்கிறதே" என்றார். வருகைப் பதிவில் பார்த்தோம், அவர் சொன்னது சரி. வெள்ளை மை தடவாமல், பழைய எழுத்து படிக்கும்படி ஒற்றைக் கோட்டால் அடித்தேன். பக்கத்தில் தலைவர் சுருக்கொப்பமும் தேதியும் இட்டார். அப்புறம் 'திருத்தத்துடன் ஏற்கப்பட்டது' என்று ஒருவர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிந்தார். என்ன திருத்தம் என்பதை அன்றைய குறிப்பிலும் எழுதிக்கொண்டேன்.

இன்னொருவர் எழுந்து, போன கூட்டத்தில் எடுத்த முடிவே தவறு, அதை மாற்றி எழுதுங்கள் என்றார். தலைவர் பொறுமையாக விளக்கினார்: அன்று நடந்தது சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்பது மட்டுமே இப்போது கேள்வி. முடிவை மாற்ற வேண்டுமானால் தனித் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் சுருக்கொப்பமும், கடைசிப் பக்கத்தில் முழுக் கையொப்பமும் தேதியும் இட்டார்.

உண்மையான சிக்கல் இரண்டு கூட்டங்கள் கழித்து வந்தது. வங்கிக்குக் கொடுக்கத் தீர்மானத்தின் நகலை எடுத்தபோது, 'செயலாளர் அல்லது பொருளாளர் கையொப்பமிடலாம்' என்று இருந்தது. இருவரும் சேர்ந்து கையொப்பமிட வேண்டும் என்பதுதான் நாங்கள் எடுத்த முடிவு. வாசித்தபோது யாருமே கவனிக்கவில்லை. அந்த ஒரு சொல்லை அடித்துவிட்டு எழுதலாமே என்று கை பரபரத்தது. ஆனால் கையெழுத்தான பக்கத்தில் அதன்பிறகு செய்யும் எந்த மாற்றமும், எவ்வளவு நல்ல எண்ணத்தோடு செய்தாலும், ஆவணத்தைச் சிதைத்ததாகவே ஆகும்.

நகலை வங்கிக்குக் கொடுக்காமல் நிறுத்தி வைத்தேன். கூட்டத்தில் நான் கையால் எழுதிய குறிப்பேடு நல்லவேளையாக இருந்தது. அதில் 'இருவரும்' என்று தெளிவாக இருந்தது. அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைத் தனிப் பொருளாகச் சேர்த்து, குறிப்பேட்டை எல்லோருக்கும் காட்டினேன். நிறைவேறிய தீர்மானம் இது: "முந்தைய கூட்டக் குறிப்பின் 4ஆம் தீர்மானத்தில் 'செயலாளர் அல்லது பொருளாளர்' என இருப்பது எழுத்துப் பிழை. அதை 'செயலாளரும் பொருளாளரும் கூட்டாக' எனப் படிக்க வேண்டும்." அந்தத் தீர்மானத்தில் பழைய கூட்டத்தின் தேதியையும் குறிப்பிட்டோம்.

பழைய பக்கத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. ஓரத்தில் மட்டும், 'திருத்தத்துக்கு, பிந்தைய கூட்டத்தின் 2ஆம் தீர்மானம் காண்க' என்று எழுதித் தேதி போட்டேன், தலைவர் சுருக்கொப்பமிட்டார். வங்கிக்கு இரண்டு தீர்மானங்களின் நகலையும் சேர்த்தே கொடுத்தேன்.