இறால் ஒத்துக்கொள்ளாதவருக்கு மீன் வறுவல் தரலாமா?

மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் இடையே சாலையோரம் உள்ள ஒரு சிறிய உணவகத்தில் மேற்பார்வையாளராக வேலை பார்க்கிறேன். மதியம் சாப்பாடு, மாலையில் பரோட்டா, இரண்டு வேளையும் மீன், இறால், நண்டு, கணவாய் என்பதே எங்கள் வியாபாரம். இராமேஸ்வரத்தில் தரிசனம் முடித்து ஊர் திரும்பும் வெளியூர்க் குடும்பங்கள் நிறைய வருவார்கள். அவர்களில் யாராவது ஒருவர், “எனக்கு இறால் சேராது, மீன் சாப்பிடுவேன், என்ன தருவீங்க?” என்று கேட்பது வழக்கம். பரிமாறுகிறவர்கள் தயங்காமல் மீன் வறுவலைச் சொல்லிவிடுவார்கள். அந்தப் பதில் சரிதானா என்று பார்க்கத் தொடங்கியதன் விளைவுதான் இன்று எங்கள் சமையற்கட்டுச் சுவரில் தொங்கும் ஒவ்வாமை அட்டவணை.

இறால், நண்டு, சிங்கி இறால் ஆகியவற்றின் தசையில் உள்ள ட்ரோபோமயோசின் என்ற புரதமே பெரும்பாலும் ஒவ்வாமையைத் தூண்டுகிறது. மீன் ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் காரணமாவது பார்வால்புமின் என்ற வேறொரு புரதம். ஆகவே இறால் சேராதவர்களில் பலர் மீனை எந்தத் தொந்தரவும் இல்லாமல் சாப்பிடுகிறார்கள். ஆனால் ட்ரோபோமயோசின் சூட்டில் அழிவதில்லை. வேகவைத்தாலும் பொரித்தாலும் அதன் தன்மை நிற்கிறது. எண்ணெய் நன்றாகக் கொதிக்கிறதே, அதில் என்ன மிஞ்சும் என்று எங்கள் சமையல்காரர் கேட்டதற்கு இதுதான் பதில். காலையில் இறால் பொரித்த அதே எண்ணெயில் மதியம் பாறை மீனைப் போட்டால், வாடிக்கையாளர் கேட்டது மீனாக இருந்தாலும் தட்டுக்கு வருவது இறால் கலந்த மீன்.

இதனால் அட்டவணையைச் சமையல் குறிப்பை வைத்து எழுதக் கூடாது, சட்டியைப் பின்தொடர்ந்துதான் எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன். அடுப்புப் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு பதார்த்தமும் எந்தச் சட்டியில், எந்த எண்ணெயில், எந்தக் கரண்டியால் தயாராகிறது என்று குறித்துக்கொண்டேன். கட்டங்களில் மூன்று குறிகள் மட்டுமே வைத்தேன்: முழுச் சிவப்பு வட்டம் என்றால் அந்தப் பொருள் அதில் இருக்கிறது, பாதி வட்டம் என்றால் போடுவதில்லை, ஆனால் எண்ணெயோ கல்லோ கரண்டியோ பொது, வெற்றுக் கட்டம் என்றால் இரண்டும் இல்லை. பாதி வட்டம் இல்லாத அட்டவணை எங்களைப் போன்ற சமையற்கட்டில் பயன்படாது என்றே நினைக்கிறேன். மீன் வறுவலுக்கு நேரே இறால் பத்தியில் விழுந்தது அந்தப் பாதி வட்டம்தான்.

எதிர்பாராத முழு வட்டம் கத்திரிக்காய்க் குழம்பில் கிடைத்தது. சமைக்கும் அக்கா புளிக்கரைசல் கொதிக்கும்போது டப்பாவிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தூவினார். அது காய்ந்த சென்னாக்கூனி, அதாவது பொடி இறால். பொருள் பட்டியலை வாயால் சொல்லச் சொன்னபோது அவர் அதைச் சொல்லவில்லை. மறைக்கும் எண்ணமும் அவருக்கு இல்லை. “அது வாசனைக்குத்தானே தம்பி” என்றார். காய்கறிக் குழம்பு என்று நம்பி அதை ஊற்றிக்கொள்ளும் ஒருவருக்கு அந்தக் கைப்பிடியே போதும். இதைப் போலவே பெருங்காயத் தூள் டப்பாவின் பின்புறத்தைப் படித்தபோது கோதுமை மாவு இருந்தது. கடையில் வாங்கும் கட்டுப் பெருங்காயத்திலும் தூளிலும் மாவு கலப்பது வழக்கம். குருமாவில் அரைத்து ஊற்றும் முந்திரியையும் யாரும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

எந்தெந்தப் பத்திகள் வேண்டும் என்பதற்கு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிமுறைகளை எடுத்துக்கொண்டேன். ஒவ்வாமைத் தகவலைக் காட்ட வேண்டிய கடமை அதில் மத்திய உரிமம் பெற்ற உணவகங்களுக்கும், பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை உள்ளவற்றுக்கும்தான் சொல்லப்பட்டிருக்கிறது. எங்களைப் போன்ற ஒற்றைக் கடை அதில் வராது. ஆனாலும் பசைப்புரதமுள்ள தானியங்கள், ஓடுள்ள இறால் நண்டு வகை, பால், முட்டை, மீன், கடலையும் பருப்புக் கொட்டைகளும், சோயா, சல்ஃபைட் என்ற அந்த எட்டு வகைப் பட்டியல் நல்ல தொடக்கம். அதில் கணவாயும் சிப்பியும் இல்லை, எள்ளும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 14 வகைப் பட்டியலில் இவை உண்டு. கணவாயிலும் ட்ரோபோமயோசின் இருப்பதால் இறால் சேராத சிலருக்கு அதுவும் சேராது. தினமும் கணவாய் வறுக்கும் கடையில் அதற்குப் பத்தி இல்லாமல் விடுவது நியாயமில்லை என்று சேர்த்துக்கொண்டேன். குழம்புகளுக்கு நல்லெண்ணெய் ஊற்றுவதால் எள்ளுக்கும் ஒரு பத்தி போட்டேன்.

பரிமாறுகிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்ததில்தான் அதிக நேரம் சென்றது. வாடிக்கையாளர் யாரும் அலர்ஜி என்ற சொல்லோடு வருவதில்லை. ஊறல் எடுக்கும், தடிப்புத் தடிப்பாக வரும், உதடு வீங்கும், உடம்புக்கு ஆகாது என்றெல்லாம் சொல்வார்கள். இதில் எதைக் கேட்டாலும் ஆர்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு, எந்தப் பொருள் என்று திரும்பக் கேட்டு, அட்டவணையைப் பார்க்க வேண்டும் என்பது முதல் பாடம். “கொஞ்சம்தான் இருக்கும்”, “ஒண்ணும் ஆகாது” என்ற இரண்டு வாக்கியங்களையும் சொல்லவே கூடாது என்பது இரண்டாவது. தெரியாவிட்டால் “உள்ளே கேட்டுட்டு வந்து சொல்றேன்” என்பதே பதில். இளம் பையன்களுக்கு இதுதான் கடினமாக இருந்தது. தெரியாது என்றால் வேலை தெரியாதவன் என்று நினைப்பார்களே என்ற கூச்சம். நானே வாடிக்கையாளராக உட்கார்ந்து கேள்வி கேட்டு, உள்ளே போய்க் கேட்டு வந்தவனை எல்லார் முன்னிலையிலும் பாராட்டிய பிறகு அந்தக் கூச்சம் குறைந்தது. ஒடிசாவிலிருந்து வந்து வேலை செய்யும் தம்பிகளுக்காகப் பத்தித் தலைப்புகளில் இறால், முட்டை, பால் படங்களை வரைந்து ஒட்டினோம்.

ஒரு மதியம் மதுரைப் பக்கமிருந்து வந்த ஒரு தாய், தன் மகனுக்கு இறால் சாப்பிட்டால் உதடு வீங்குகிறது, மீன் பிரச்சினையில்லை என்றார். பரிமாறிய தம்பி அட்டவணையைப் பார்த்து, மீன் வறுவலில் பாதி வட்டம், கத்திரிக்காய்க் குழம்பில் முழு வட்டம் என்று கண்டு என்னிடம் வந்தான். கூட்டம் குறைவாக இருந்ததால், கழுவித் தனியே மாட்டிவைத்திருக்கும் சிறிய இரும்புக் கல்லை எடுத்து, புது எண்ணெய் ஊற்றி, இறால் பக்கம் போகாத பாத்திரத்தில் மசாலா பிசைந்து, தனிக் கரண்டியால் இரண்டு துண்டு பாறை மீன் வறுத்துக் கொடுத்தோம். குழம்புக்குப் பதிலாக ரசமும் மோரும் வைத்தோம். எப்படிச் செய்தோம் என்பதை அந்த அம்மாவிடம் விளக்கி, முடிவை அவரிடமே விட்டோம். பொருளைப் பற்றித்தான் நாங்கள் சொல்ல முடியும், பிள்ளையின் உடம்பைப் பற்றி அல்ல.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இதே வேலையை ஒழுங்காகச் செய்ய இடமில்லை. அப்போது “இன்னைக்கு எங்களால உறுதி சொல்ல முடியாது” என்று சொல்லிவிடும்படி தம்பிகளிடம் சொல்லியிருக்கிறேன். மிகக் கடுமையான ஒவ்வாமை உள்ள சிலருக்கு நண்டு வேகும் ஆவியே போதும் என்பதால், அப்படிச் சொல்கிறவர்களை எந்த நேரத்திலும் உட்கார வைப்பதில்லை. யாருக்காவது மூச்சுத் திணறினாலோ, நாக்கு வீங்கினாலோ, மயக்கம் வந்தாலோ மாத்திரை தேடாமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும், அவரை எழுப்பி நடக்க வைக்கக் கூடாது என்பது அட்டவணையின் அடியில் பெரிய எழுத்தில் இருக்கிறது. மசாலா பாக்கெட்டின் நிறுவனம் மாறினாலும், சமைப்பவர் மாறினாலும் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தேதியோடு எழுதுகிறேன். அக்கா இப்போது கூனி டப்பாவை மற்ற மசாலாக்களிலிருந்து பிரித்து, பெயர் எழுதி மேல் தட்டில் வைக்கிறார்.