சிங்க்குக்கு அடியில் உள்ள பலகை: அம்பாசமுத்திரம் வேலைக் குறிப்பு

செப்டம்பர் 22

பழைய சிங்க் கேபினெட்டைக் கழற்றியாச்சு. எம்.டி.எஃப். பலகை, மேலே வெள்ளை மைக்கா. மைக்காவில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் பக்கப் பலகையின் அடிப்பகுதியை காலிப்பரில் அளந்தால் 23 மி.மீ., நடுவில் அதே பலகை 18. குழாய் போகும் ஓட்டையைச் சுற்றியும் அதே வீக்கம். தண்ணீர் எந்த வழியாக நுழைந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்: தரையைத் துடைக்கும்போது அடி விளிம்பு வழியாக, சிங்க் கசிந்தபோது ஓட்டை வழியாக.

எம்.டி.எஃப். என்பது மர நாரைப் பசையோடு சேர்த்து அழுத்திச் செய்தது. நனைந்தால் அழுத்தப்பட்ட நார் விரிந்துவிடும். காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. வீங்கிய இடத்தில் திருகாணியும் பிடிக்காது. கீல் தொங்கியதற்குக் காரணம் அதுதான்.

செப்டம்பர் 24

பிளைவுட் வாங்கும் நாள். ஷீட்டில் 'மெரைன்' என்று பெரிதாக அச்சடித்திருப்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குப் பக்கத்தில் உள்ள எண்தான் கணக்கு. 710 என்றால் மெரைன், அதாவது கொதிநீரிலும் பிரியாத பி.டபிள்யூ.பி. தரம். 303 என்றால் பொது உபயோகப் பிளைவுட், அதிலேயே ஈரக்காற்றை மட்டும் தாங்கும் எம்.ஆர்., கொதிநீரையும் ஓரளவு தாங்கும் பி.டபிள்யூ.ஆர். என்று இரண்டு உண்டு. உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் யாருடைய உரிமம் என்று தெரியும்.

சிங்க் கேபினெட்டுக்கு மட்டும் 710. மற்ற கீழ் கேபினெட்டுகளுக்கு 303-ல் பி.டபிள்யூ.ஆர். போதும். எம்.ஆர். இந்த ஊர் அடுக்களைக்கு வேண்டாம். சாரல் மாதங்களில் சுவரே ஈரம் கோர்த்து நிற்கும்.

வெட்டிய விளிம்புகளில் எபாக்சி பிசின் பூச வேண்டும் என்றதும் பட்டறையில் ஆசாரி கேட்டார்: "மெரைன்னு சொன்ன பொறவு எதுக்கு அண்ணாச்சி விளிம்புல பூசணும்?" நியாயமான கேள்வி. மெரைன் என்ற தரம் பெரும்பாலும் பசையைப் பற்றிய உறுதி. 72 மணி நேரம் கொதிக்க வைத்தாலும் அடுக்குகள் பிரியக் கூடாது என்பதுதான் சோதனை. அடுக்குகளுக்குள் தண்ணீர் ஏறாது என்று அது சொல்லவில்லை. வெட்டிய விளிம்பில் மரத்தின் துளைகள் வாய் திறந்து நிற்கின்றன. அடுக்கு பிரியாவிட்டாலும் ஈரம் ஏறி, பூஞ்சை பிடித்து, ஓரத்தில் மைக்கா எழும்பும்.

செப்டம்பர் 27

கேபினெட் அளவு: அகலம் 900, ஆழம் 560, உயரம் 720 மி.மீ. இரண்டு பக்கப் பலகை, ஒரு அடிப்பலகை. இவற்றின் விளிம்புகளைக் கூட்டினால் ஏறக்குறைய 8 மீட்டர். 18 மி.மீ. கனத்தில் அது ஒன்றரைச் சதுர அடிதான். இவ்வளவு சிறிய பரப்பைப் பூச 200 கிராம் எபாக்சி தாராளம்.

குழாய் ஓட்டையை இன்றே போட்டாச்சு, குழாயைவிட 8 மி.மீ. பெரிதாக. பூசிய பிறகு ஓட்டை போட்டால் அந்த ஓட்டையின் உட்புறம் பூச்சில்லாத வெறும் மரமாகவே நிற்கும். பெரும்பாலான வேலைகள் கெடுவது இந்த ஓட்டையில்தான்.

பலகையில் ஈரமானி 15 சதவீதம் காட்டுகிறது. 12-க்கு வரும்வரை பலகைகளை நிழலில், இடையில் ரீப்பர் வைத்து அடுக்கி வைக்க வேண்டும். ஈரத்தோடு பூசினால் அது உள்ளேயே அடைபடும்.

அக்டோபர் 3

ஈரமானி 11. விளிம்பை 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, தூசியைத் துடைத்து, முதல் பூச்சு. நடு அடுக்கில் ஒரு இடத்தில் சந்து தெரிந்தது. மரத்தூளை எபாக்சியில் குழைத்து அடைத்தாச்சு. முதல் பூச்சை மரம் அப்படியே குடித்துவிடும், பளபளப்பு நிற்காது. அதோடு நிறுத்துகிறவர்கள் அதிகம்.

வெள்ளைப் பசையைத் தடவிவிட்டு 'சீல் பண்ணியாச்சு' என்பதும் நடக்கிறது. சாதாரண வெள்ளைப் பசை தண்ணீர் பட்டால் பால் போல வெளுத்து இளகிவிடும்.

அக்டோபர் 4

நார் சிலிர்த்து நிற்கிறது. 220 தாளால் தேய்த்து இரண்டாம் பூச்சு. ஓட்டையின் உட்புறத்துக்கும் அடி விளிம்புக்கும் மாலையில் மூன்றாவது. முன் விளிம்புக்கு மட்டும் 2 மி.மீ. பி.வி.சி. பட்டை ஒட்ட வேண்டும் என்பதால் அங்கே எபாக்சி பூசவில்லை.

அக்டோபர் 6

விளிம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு பத்து நிமிடம் பார்த்தது. சொட்டு நின்றது, மரம் கறுக்கவில்லை. கறுத்திருந்தால் அந்த இடத்துக்கு இன்னொரு பூச்சு.

பலகை தரையைத் தொடாதபடி 100 மி.மீ. பி.வி.சி. கால்கள். குழாயைச் செருகி, சுற்றியுள்ள சந்தில் சிலிகான்.

படுக்கையறை அலமாரியில் ஷட்டருக்கு எம்.டி.எஃப். வைத்துக்கொள்ளலாம், பெயின்ட் அடித்தால் பிளைவுட்டைவிட வழுவழுப்பாக வரும். விளிம்புக்கு பி.யூ. சீலர் இரண்டு கோட். ஆனால் அந்த அலமாரி குளியலறைச் சுவரில் சாய்கிறது. அதனால் அலமாரியின் பெட்டிக்கூடு, முதுகுப்பலகை இரண்டும் பிளைவுட்டே, சுவருக்கும் முதுகுக்கும் நடுவே 15 மி.மீ. இடைவெளி, முதுகின் இரு முகத்திலும் மைக்கா. ஒரு முகத்தில் மட்டும் ஒட்டினால் ஒட்டாத பக்கம் ஈரம் இழுத்து பலகை வளையும்.