ஏற்புரை முடிந்தது, தீர்மானம் விடுபட்டது

எங்கள் திருமுறை வார வழிபாட்டு மன்றத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு மூன்று மாதம் முடியப்போகிறது. மன்றத்தின் காசோலையில் கையெழுத்திடும் உரிமை சென்ற வாரம்தான் கிடைத்தது. இடையில் நடந்தவற்றை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை. சங்கத் தேர்தலில் நிற்கும் யாருக்காவது பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

தேர்தலில் சிக்கல் இல்லை. 47க்கு 39. தோற்றவர் பன்னிரண்டு ஆண்டு தலைவராக இருந்த பெரியவர். அவர் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது நான் ஏற்புரை ஆற்ற வேண்டும். அதனால் இரண்டு வாரமாகவே குறிப்பு எழுதி வைத்திருந்தேன். ஆறு மாதத்தில் மண்டபத்துக்குக் கூரை, சந்தா குறைப்பு என்று அதில் நிறைய இருந்தது. முந்தைய இரவு துணைவிதியை எடுத்துப் படித்தபோதுதான் புரிந்தது: சந்தாவை மாற்றத் துணைவிதியைத் திருத்த வேண்டும், அதற்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். கூரைச் செலவுக்குப் பொதுக்குழு அனுமதி வேண்டும். தலைவர் தனியாகச் செய்யக்கூடியது மிகக் குறைவு. இரண்டையும் அடித்துவிட்டேன். அந்த மட்டில் தப்பித்தேன்.

மேடையில் பெரியவரின் பெயரைச் சொல்லி, அவர் காலத்தில் என்ன நடந்தது என்பதைத்தான் முதலில் சொன்னேன். வெள்ளத்தில் நனைந்த ஏடுகளை அவர் வீட்டு மாடியில் உலர்த்திக் காப்பாற்றியது, ஒரு வாரம்கூட வழிபாடு நிற்காமல் பார்த்துக்கொண்டது. "சேவையைப் பாராட்டுகிறேன்" என்ற பொதுச்சொல்லைவிட இது அவரைத் தொட்டது. கைகூப்பினார். எனக்கு எதிராக வாக்களித்தவர்களின் முகமும் சற்றுத் தளர்ந்தது.

பிறகு, "என் கடன் பணி செய்து கிடப்பதே என்று மணிவாசகர் சொன்னதுபோல" என்றேன். கூட்டம் முடிந்ததும் எங்கள் ஓதுவார் அருகில் வந்து, "அம்மா, அது அப்பர் வாக்கு. ஐந்தாம் திருமுறை, திருக்கடம்பூர்ப் பதிகம்" என்று மெதுவாகச் சொன்னார். திருமுறை மன்றத்தின் தலைவர் முதல் உரையிலேயே இப்படிப் பிழை செய்தது என்னை இரவெல்லாம் உறுத்தியது. அடுத்த வார வழிபாட்டில் நானே எழுந்து திருத்திச் சொன்னேன். பணிவு என்று பேசும் இடத்தில் மேற்கோள் வைப்பவர்கள், பாட்டின் மூலத்தைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

பெரிய இழப்பு வேறு. என் உரைக்குப் பின் நன்றியுரை, உடனே சுண்டல். எல்லோரும் எழுந்துவிட்டார்கள். வங்கியில் கையொப்பமிடுவோரை மாற்றும் தீர்மானம் நிகழ்ச்சி நிரலில் கடைசியில் இருந்தது. அது வாசிக்கப்படவேயில்லை. தீர்மானப் புத்தகத்தில் "புதிய தலைவர் ஏற்புரை நிகழ்த்தினார்" என்று ஒரு வரி மட்டும் இருந்தது.

இது எனக்கு வங்கியில்தான் தெரிந்தது. முதல் நாள் காத்திருந்து உள்ளே போனதும், தீர்மானத்தின் சான்றிட்ட நகல் எங்கே என்றார் அலுவலர். புத்தகத்தையே எடுத்துக்கொண்டு மறுநாள் போனேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "இதில் நீங்கள் பேசியது இருக்கிறது, கையொப்பம் மாற்றச் சொல்லி ஒன்றும் இல்லையே" என்று மூடித் திருப்பிக் கொடுத்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. எங்கள் துணைவிதிப்படி அது பொதுக்குழுதான் எடுக்க வேண்டிய முடிவு. அடுத்த பொதுக்குழுவுக்கு 21 நாள் முன்னறிவிப்பு. அதற்குள் முற்றோதலுக்கு வந்த ஓதுவார்களின் சம்மானத்தையும் மின்கட்டணத்தையும் நாங்கள் நால்வர் கைப்பணத்தில் கொடுத்தோம்.

மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் ஒரு பயணம் வீண். நிர்வாகிகள் மாறியதைத் தெரிவிக்கும் படிவம் 7இல் என் பெயர் முதலெழுத்துடன் ஒருவிதம், தீர்மானப் புத்தகத்தில் வேறுவிதம். திருத்திக் கொண்டுபோனதும் வாங்கிக்கொண்டார்கள். இதை மாறிய மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதால் எனக்கு உள்ளூர நடுக்கம்தான். பதிவாளர் ஒப்புகை கையில் வந்த பிறகே வங்கி மீதிக் காகிதங்களைப் பார்த்தது.

இரண்டாம் பொதுக்குழுவில் முதல் வேலையாகத் தீர்மானம் வாசிக்கப்பட்டு, முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயருடன் எழுதப்பட்டது. முன்மொழிந்தவர் அந்தப் பெரியவர். அதன் பிறகே பேசினேன். இரண்டு நிமிடம். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை வரவு செலவுத் தாள் பலகையில் ஒட்டப்படும், முற்றோதலில் சிறுவர்களும் தனியாக ஒரு பதிகம் பாடுவார்கள் என்ற இரண்டு வாக்குறுதிகள். இரண்டும் யார் கையெழுத்துக்கும் காத்திருக்காதவை.

முதல் தாளைப் போன வெள்ளிக்கிழமை ஒட்டினேன். கைப்பணம் கொடுத்த நால்வருக்கும் திருப்பித் தந்த தொகை அதில் முதல் வரியில் இருக்கிறது.