"பெரும்பாலும் அதேதான்" என்ற குறிப்பிலிருந்து ஒரு பதில் கடிதம்

ஜர்னலில் இருந்து 'மேஜர் ரிவிஷன்', அதாவது கட்டுரையைப் பெரிய அளவில் திருத்தி அனுப்புங்கள் என்று முடிவு வந்திருந்தது. கட்டுரையை எழுதிய ஆய்வாளர், ரிவியூவர்களின் கருத்துகள் இருந்த ஃபைலிலேயே ஒவ்வொரு பத்திக்கும் கீழே தன் பதிலைக் குறித்து எனக்கு அனுப்பினார். "செய்தாச்சு", "ஏற்கெனவே மெத்தட்ஸில் இருக்கு", "முடியாது, புராஜெக்ட் முடிஞ்சுபோச்சு", "பெரும்பாலும் அதேதான்" என்று இப்படி ஒற்றை வரிகள். இவற்றை வைத்து ரிவியூவர்களுக்கான பதில் கடிதத்தை எழுதும் பொறுப்பு எனக்கு.

பதில்களைத் தொடுவதற்கு முன்னால், ரிவியூவர்கள் எழுதியதை ஒரு சொல்கூட மாற்றாமல் புது ஃபைலில் ஒட்டி, கேள்வி கேள்வியாகப் பிரித்து எண் போட்டேன். 2.3 என்றால் இரண்டாம் ரிவியூவரின் மூன்றாவது கருத்து. இந்தப் பிரிப்பிலேயே பாதி வேலை தெளிவாகிவிடுகிறது. முழங்கால் வலிக்கு மூன்று பயிற்சி முறைகளை ஒப்பிட்ட ஆய்வு அது. இரண்டாம் ரிவியூவர் ஒரே பத்தியில் மூன்று விஷயங்களைக் கேட்டிருந்தார்: மூன்று குழுக்களை இரண்டிரண்டாக டி-டெஸ்ட் செய்தது சரியா, வலியை அளந்தவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியுமா, ஆறு வாரத் தரவை வைத்து 'நீடித்த பலன்' என்று எப்படிச் சொல்கிறீர்கள். பத்தியின் கீழே ஆய்வாளர் எழுதியிருந்தது முதல் கேள்விக்கு மட்டும்: "அனோவா போட்டுப் பார்த்தேன், பெரும்பாலும் அதேதான்." மற்ற இரண்டுக்கும் அவரிடம் தனியாகக் கேட்டபோது, அவற்றுக்கும் அதே மாதிரி ஒற்றை வரிகள்தான் வந்தன.

அந்தப் 'பெரும்பாலும்' என்னை விடவில்லை. புது அனாலிசிஸின் அவுட்புட்டை அனுப்பச் சொன்னேன். ரிவியூவரின் கவலையில் நியாயம் இருந்தது. ஒவ்வொரு சோதனையிலும் 5 சதவீதப் பிழைக்கு இடம் கொடுத்து மூன்று சோதனைகள் செய்தால், எங்காவது ஒன்றில் இல்லாத வித்தியாசம் இருப்பதுபோல் தெரிவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 14 சதவீதம்வரை போகும். மூன்று குழுக்களையும் ஒரே சோதனையில் ஒப்பிடும் அனோவாவும், பல ஒப்பீடுகளால் கூடும் பிழையைக் கட்டுப்படுத்தும் டியூகி திருத்தமும் செய்த பிறகு இரண்டு ஒப்பீடுகள் அப்படியே நின்றன. மூன்றாவதன் பி மதிப்பு 0.03-லிருந்து 0.08 ஆகி, 5 சதவீத எல்லையான 0.05-ஐத் தாண்டியிருந்தது; அந்த வித்தியாசம் உண்மையில் இருக்கிறது என்று இனி சொல்ல முடியாது. அந்த மூன்றாவது ஒப்பீடுதான் சுருக்கத்தின் கடைசி வாக்கியத்தில் இருந்தது!

ஆய்வாளரிடம் இதைக் காட்டியபோது, "சரி, அந்த வாக்கியத்தை எடுத்துடலாம்" என்றார். கடிதத்தில் அந்தப் பதில் இப்படி அமைந்தது:

"ரிவியூவர் சொல்வது சரி. மூன்று குழுக்களையும் ஒருவழி அனோவா, டியூகி திருத்தம் கொண்டு மீண்டும் ஒப்பிட்டோம். முதல் இரண்டு வித்தியாசங்கள் நிலைத்தன. இரண்டாம், மூன்றாம் குழுக்களுக்கு இடையிலான வித்தியாசம் நிலைக்கவில்லை (பி = 0.08). எனவே சுருக்கத்திலும் விவாதப் பகுதியிலும் அந்தக் கூற்றை நீக்கிவிட்டோம். அட்டவணை 2 புதுப்பிக்கப்பட்டுள்ளது."

முதல் வாக்கியத்தில் நேரான பதில், அப்புறம் என்ன செய்தோம், என்ன கிடைத்தது, கட்டுரையில் எங்கே மாறியது. இந்த வரிசையில் எழுதினால் எடிட்டர் கட்டுரையைத் திறக்காமலேயே விஷயத்தைப் புரிந்துகொள்வார். நன்றி சொல்வதைக் கடிதத்தின் தொடக்கத்தில் ஒருமுறை வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு பதிலிலும் "இந்த அருமையான கருத்துக்கு நன்றி" என்று போட்டால் பதில் எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டியிருக்கும்.

அளந்தவர் பற்றிய கேள்விக்கு "ஏற்கெனவே மெத்தட்ஸில் இருக்கு" என்றார். இருந்தது உண்மைதான், ஒரு நீளமான வாக்கியத்தின் நடுவில். கவனமாகப் படிக்கிறவர் கண்ணுக்கே தப்பியது என்றால் மற்றவர்களுக்கும் தப்பும். அதைத் தனி வாக்கியமாகப் பத்தியின் தொடக்கத்துக்குக் கொண்டுவந்து, "இதைத் தெளிவாக்கியுள்ளோம்" என்று எழுதி, புது வாக்கியத்தையே கடிதத்தில் மேற்கோளாகக் கொடுத்தேன்.

"முடியாது" என்பதுதான் சிரமம். ஆறு வாரத்துக்குப் பின் பங்கேற்பாளர்களை யாரும் அளக்கவில்லை, இனி அளக்கவும் வழியில்லை. புராஜெக்ட் முடிந்தது என்ற காரணத்தை மட்டும் சொன்னால் ரிவியூவரின் ஆட்சேபம் அப்படியே நிற்கும். அவர் எதிர்த்தது 'நீடித்த' என்ற சொல்லை. தரவு இல்லை என்பதை ஒப்புக்கொண்டு, அந்தச் சொல்லை எல்லா இடத்திலும் 'ஆறு வார முடிவில்' என்று மாற்றி, வரம்புகள் பகுதியில் ஒரு வாக்கியம் சேர்த்தோம். தரவைக் கூட்ட முடியாதபோது கூற்றைக் குறைத்துக்கொள்வதுதான் நேர்மையான பதில் என்பது என் உறுதியான கருத்து.

வரி எண்களைக் கடைசிவரை காலியாகவே விட்டிருந்தேன். நடுவில் ஒரு வாக்கியம் சேர்ந்தாலும் கீழே உள்ள எண்கள் எல்லாம் நகர்ந்துவிடும். டிராக் சேஞ்சஸ் உள்ள பிரதியிலும் சுத்தப் பிரதியிலும் எண்கள் வேறு வேறாக இருக்கும் என்பதால், எண்கள் சுத்தப் பிரதிக்கானவை என்று கடிதத்தின் மேலேயே குறித்தேன். பிறகு ஆய்வாளர் கடிதத்தை வாசிக்க, நான் கட்டுரையில் ஒவ்வொரு வரியையும் தேடிச் சரிபார்த்தேன். "செய்தாச்சு" என்று அவர் குறித்திருந்தவற்றில் ஒரு படத்தின் அச்சுத் தலைப்பு மட்டும் இன்னும் மாறாமல் இருந்தது. அதை மாற்றிவிட்டு அனுப்பினோம்.