சண்டை அப்புறம், ஊசி முதலில்

பினாங்கில் எங்கள் தாதியர் தலைமைத்துவப் பயிற்சியில் தந்த சூழல் இது. இரவு 9 மணி, ஷிப்ட் மாறும் நேரம். 8 மணி ஆன்டிபயாடிக் ஊசி போடப்படவில்லை. இரவுத் தாதி, மாலை ஷிப்ட் தாதியைப் பார்த்து நோயாளி முன்னாலேயே சத்தம் போடுகிறார். வார்டு சிஸ்டர் என்ன செய்வார்?

முதலில் டாக்டரிடம் சொல்லி ஊசியைப் போட்டு, தாமதத்தைப் பதிவு செய்வார். அப்புறம் இருவரையும் தனித்தனியாக, "8 மணிக்கு என்ன நடந்தது?" என்று கேட்பார். ("ஏன் செய்யல?" என்றால் சாக்குதான் வரும்.) 7.45க்கு இரண்டு புது அட்மிஷன் வந்தது அப்போதுதான் தெரிகிறது.

அதன்பிறகே இருவரையும் சேர்த்து உட்காரவைத்து ஓர் உடன்பாடு: விடுபட்ட மருந்தை ஒப்படைப்பின்போது முதலில் சொல்வது, குறையைக் கட்டிலருகே பேசாமல் தனியறையில் பேசுவது. இரண்டு வாரம் கழித்து மருந்துப் பதிவைப் பார்க்கவேண்டும். மறுபடியும் அட்மிஷன் நேரத்திலேயே மருந்து விடுபட்டால், மேட்ரனிடம் ஆள் கேட்க வேண்டியதுதான்.