பத்து சதவீதம் எதன் மேல்?

ஓசூர் சிப்காட்டில் இன்கிரிமென்ட் லெட்டர் கைக்கு வந்ததும் முதலில் தேடுவது சதவீதத்தைத்தான். அன்று சாயங்காலம் கம்பெனி பஸ் கிருஷ்ணகிரி போய்ச் சேருவதற்குள் யாருக்கு எத்தனை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆனால் லெட்டரில் சதவீதம், புதிய மாதச் சம்பளம், ஆண்டு சிடிசி என்று மூன்று எண்கள் இருக்கும். மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பழைய கிராஸ் மாதம் 22,000 ரூபாய், அதில் பேசிக் 12,000. சிடிசி என்பது கிராஸோடு கம்பெனி நமக்காகக் கட்டும் தொகையும் சேர்ந்தது. இங்கே அது இரண்டு இனம்: பேசிக்கில் 12 சதவீதம் பி.எஃப். 1,440 ரூபாய், 4.81 சதவீதம் கிராஜுவிட்டி 577 ரூபாய். (வருடத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 நாள் என்று வகுத்தால் வருவதுதான் அந்த 4.81.) மொத்தம் மாதம் 24,017, ஆண்டுக்கு 2,88,204.

புதிய லெட்டரில் உயர்வு 10 சதவீதம், மாத கிராஸ் 23,760, பேசிக் 12,960, ஆண்டு சிடிசி 3,17,024 என்று இருக்கிறது. பார்த்தவுடன் எதுவும் உறுத்தாது.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி, பத்து சதவீதம் எதன் மேல் என்பது. பேசிக்கில் மட்டும் என்றால் 1,200 ஏறி கிராஸ் 23,200 ஆகியிருக்கும். கிராஸில் என்றால் 24,200. இரண்டும் இல்லை. பழைய சிடிசியை 1.10 ஆல் பெருக்கினால் 3,17,024 சரியாக வருகிறது. ஆக, சதவீதமும் சிடிசியும் ஒத்துப்போகின்றன. மாதச் சம்பளம்தான் தனியாக நிற்கிறது.

அடுத்து கீழிருந்து மேலே கூட்ட வேண்டும். 23,760, அதோடு புதிய பேசிக்குக்கான பி.எஃப். 1,555, கிராஜுவிட்டி 623. மாதம் 25,938, பன்னிரண்டு மாதத்துக்கு 3,11,256. லெட்டரில் இருப்பதைவிட 5,768 ரூபாய் குறைவு. நாலைந்து ரூபாய் வித்தியாசம் என்றால் பைசாவை முழு ரூபாயாக்கியதில் வந்தது என்று விட்டுவிடலாம். இது அப்படி இல்லை.

இதற்குக் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கலாம். இதுவரை கம்பெனி தனியாகக் கட்டிவந்த மெடிக்கல் இன்சூரன்ஸ் பிரீமியம் போன்ற ஒன்றை இந்த வருடம் சிடிசிக்குள் கொண்டுவந்திருக்கலாம். அப்படியென்றால் அனெக்ஷரில் அதற்கு ஒரு வரி இருக்கும். இல்லையென்றால் கேட்டு வாங்க வேண்டும். அப்படிச் சேர்ப்பதில் தவறில்லை, ஆனால் அதைப் பத்து சதவீத உயர்வு என்று சொல்வது கொஞ்சம் அதிகம். இன்னொன்று, எக்செல் ஷீட்டில் நடந்த பிழை.

எது என்பதைக் காட்டிக்கொடுப்பது 23,760 என்ற எண்ணேதான். 22,000க்கு அது மிகச் சரியாக 8 சதவீதம் கூடுதல். பேசிக்கும் அதே 8 சதவீதம். இடையில் புது இனம் ஒன்றை நுழைத்திருந்தால் மீதி இவ்வளவு முழுமையான சதவீதமாக வருவது அபூர்வம். முதலில் 8 என்று போட்ட ஷீட்டில் பிறகு 10 என்று மாற்றியபோது, மாதச் சம்பள நெடுவரிசை மட்டும் மாறாமல் போயிருக்க வேண்டும். சோதித்துப் பார்க்கலாம்: கிராஸ் 24,200, பேசிக் 13,200, பி.எஃப். 1,584, கிராஜுவிட்டி 635 என்று கூட்டினால் ஆண்டுக்கு 3,17,028. லெட்டரோடு நாலே ரூபாய்தான் வித்தியாசம்.

இந்தக் கணக்கில் கையில் வரும் சம்பளத்தை இழுக்கக் கூடாது. நம் பங்கு பி.எஃப். கிராஸிலிருந்து பிடிக்கப்படுவது, அதைக் கலந்தால் எல்லாம் குழம்பும். பேசிக் 15,000ஐத் தாண்டியவர்களுக்குப் பல கம்பெனிகள் பி.எஃப்.பை 1,800 ரூபாயோடு நிறுத்திவிடும். அங்கே 12 சதவீதம் போட்டால் பொருந்தாது.

ஹெச்.ஆரிடம் "எனக்குக் குறைவாகப் போட்டிருக்கிறீர்கள்" என்று ஆரம்பித்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். "சார், 10 சதவீதத்துக்கு கிராஸ் 24,200 வருகிறது, லெட்டரில் 23,760 இருக்கிறது. சிடிசியும் 24,200க்குத்தான் பொருந்துகிறது. எது சரி என்று சொல்லுங்கள்" என்று மெயிலில் எழுதினால் போதும். நகலில் கையெழுத்து கேட்டால் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு எழுதுங்கள். "ஏற்றுக்கொள்கிறேன்" என்பதைத் திருத்திய லெட்டருக்கு வைத்துக்கொள்ளலாம்.

திருத்திய லெட்டர் வந்தபின் பே ஸ்லிப்பில் பி.எஃப். வரியைப் பாருங்கள். 1,584 பிடித்திருந்தால் பேசிக் மாறிவிட்டது. 1,555 என்றே இருந்தால் லெட்டர் மட்டும்தான் மாறியிருக்கிறது. இரண்டு மாதம் தாமதமாகித் திருத்தினால் 880 ரூபாய் அரியர் என்று தனி வரியாக வர வேண்டும், அதில் பேசிக்குக்கான 480 ரூபாய்க்குப் பி.எஃப்.பும் பிடித்திருக்க வேண்டும்.